மூக்குத்தியைச் சுற்றித் தோலைத் திருத்துவது எப்படி, மினுக்கு கெடாமல்? – கேள்வி பதில்

கேள்வி (மதுரையில் திருமணப் படம் எடுப்பவர்): மணப்பெண்ணின் முகத்தை மிக அருகில் எடுத்த படத்தில், ஏழுகல் மூக்குத்தியின் ஓரத்தில் பவுடர் திட்டும் சிவப்பும் இருந்தன. Photoshop-இல் Healing Brush கொண்டு துடைத்தேன். தோல் சுத்தமாயிற்று, ஆனால் மூக்குத்தியைச் சுற்றி மஞ்சள் கறை போல ஒன்று படிந்துவிட்டது. ஏன் ஐயா?

பதில்: அந்தத் தூரிகை நீங்கள் காட்டும் இடத்திலிருந்து தோலின் இழையமைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது, நிறத்தையும் வெளிச்சத்தையும் நீங்கள் தடவும் இடத்தின் விளிம்பிலிருந்து எடுத்துக் கலக்கிறது. தடவல் தங்கத்தின் மேல் ஓரிரு பிக்சல் பட்டாலும், அந்த மஞ்சளையும் 'சுற்றியுள்ள தோல்' என்றே கருதி உள்ளே இழுத்துவிடும். உங்கள் படத்தில் நடந்தது அதுதான்.

ஆகவே மூக்குத்தியின் விளிம்பை ஒட்டிய குறுகிய வளையத்தில் மட்டும் நான் Clone Stamp பயன்படுத்துகிறேன். முதலில் காலியான புதிய லேயர் ஒன்றைத் திறந்து, Sample என்னுமிடத்தில் Current & Below என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு Pen Tool கொண்டு மூக்குத்தியின் வெளிக்கோட்டை வரைந்து, அதைத் தேர்வாக மாற்றி, ஒரு பிக்சல் மட்டும் மென்மையாக்கித் திருப்பிப் போட்டால், தூரிகை தங்கத்தின் மேல் ஏறவே முடியாது. தூரிகையின் கடினம் 60 முதல் 80 சதவீதம் வரை இருக்கலாம். மிக மென்மையான தூரிகை விளிம்பருகே இழையை மங்கச் செய்து, அங்கே மட்டும் மெழுகு பூசியது போலக் காட்டும்.

மாதிரி எடுக்கும் இடம்தான் இதில் மிக முக்கியம். மூக்குத்தி தோலில் பதியும் இடத்தில் மெல்லிய நிழல் ஒன்று வளையமாக இருக்கும். அது தங்கத்தை ஒட்டி இருண்டும், விலக விலக வெளுத்தும் போகும். கன்னப் பக்கத்திலிருந்து மாதிரி எடுத்து விளிம்பில் வைத்தால் அந்த நிழல் அறுந்து, மூக்குத்தி தோலின் மேல் மிதப்பது போலத் தெரியும். எனவே, திருத்த வேண்டிய இடம் தங்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே அளவு தள்ளி, வளையத்தின் வழியே சற்று நகர்ந்து மாதிரி எடுங்கள். வளையத்தைத் தாண்டிய பிறகு Healing Brush தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: எல்லா மஞ்சளும் கறையன்று. தங்கத்தில் பட்ட வெளிச்சம் பக்கத்துத் தோலில் சிதறி விழுவதும் உண்டு. அப்படி விழுவது ஒரு பக்கத்தில் மட்டும், ஏதோ ஒரு வடிவத்துடன் இருக்கும். தூரிகை இழுத்த கறை சுற்றிலும் ஒரே மாதிரியாகப் பரவியிருக்கும். முதலாவதை விட்டுவிடுங்கள்.

கேள்வி (வீட்டிலிருந்தே ரீடச் வேலை செய்பவர்): இழையையும் நிறத்தையும் இரண்டு லேயர்களாகப் பிரிக்கும் முறையில் நகையின் நுணுக்கமெல்லாம் மேல் லேயரில் பத்திரமாக இருக்கிறது. கீழ் லேயரை எவ்வளவு மங்கலாக்கினாலும் மினுக்கு கெடாது. மாஸ்க் போடுவது வீண் வேலை. சரிதானே?

பதில்: பாதி சரி. கல்லின் பட்டைகளும் கம்பியின் கோடுகளும் மேல் லேயரில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மினுக்கு எவ்வளவு பிரகாசம் என்பதும், தங்கம் என்ன மஞ்சள் என்பதும் பெரும்பாலும் கீழ் லேயரில் இருக்கின்றன. கீழே உள்ளதைத் தோலோடு சேர்த்துக் கலக்கினால் வடிவம் மட்டும் எஞ்சும். தங்கம் பித்தளை போலவும், கல் கண்ணாடித் துண்டு போலவும் ஆகிவிடும்.

என் கைக்கு வந்த ஒரு படத்தையே சொல்கிறேன். 6000க்கு 4000 பிக்சல் படம். அதில் மூக்குத்தியின் அகலம் ஏறக்குறைய 90 பிக்சல். 8 பிக்சல் ஆரத்தில் பிரித்துவிட்டு, கீழ் லேயரில் மூக்குச் சரிவை லாசோவால் சுற்றி, 20 பிக்சல் Gaussian Blur கொடுத்தேன். மூக்குத்தியைத் தேர்விலிருந்து விலக்கித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் தோலில் மஞ்சள் ஏறியது. காரணம், அந்த மங்கல் தேர்வின் எல்லைக்கு வெளியே உள்ள பிக்சல்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 20 பிக்சல் ஆரம் என்றால் அதன் வீச்சு 40, 50 பிக்சல் வரை எட்டும்.

அதன் பின் நான் கண்ட வழி சற்றுச் சுற்றானது; ஆனால் நம்பலாம். கீழ் லேயரை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மூக்குத்தியையே Clone Stamp கொண்டு தோலால் மூடிவிடுகிறேன். பார்ப்பதற்கு மூக்குத்தியே போடாத மூக்கு போல அலங்கோலமாக இருக்கும். அழகாக மூட வேண்டியதில்லை, நிறம் பொருந்தினால் போதும். பிறகு அந்தப் பிரதியை மங்கலாக்குகிறேன். இழுத்துக்கொள்வதற்கு அங்கே தங்கம் இல்லை. கடைசியாக, பிரதியின் மாஸ்க்கில் மூக்குத்தியையும் அதன் நிழல் வளையத்தையும் கறுப்பால் மறைத்தால், அடியிலுள்ள அசல் தங்கமும் அசல் நிழலும் அப்படியே வெளிவரும். ஆக, மாஸ்க் வீண் வேலையன்று; இந்த முறையின் உயிரே அதுதான்.

கேள்வி (சகோதரி ஒருவர்): எனக்கு மூக்குக் குத்தி மூன்று வாரம் ஆகிறது. சுற்றிலும் சிவந்து, சீழ் போல வருகிறது. எதை வைத்துத் துடைத்தால் தோல் சுத்தமாகும்?

பதில்: அம்மா, இங்கே நாங்கள் பேசுவது படத்திலுள்ள தோலைப் பற்றி. சீழ் வருகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கையால் தொடவோ திருகவோ வேண்டாம்.

உங்கள் கேள்வியை ஒட்டிப் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். புதிதாகக் குத்திய மூக்கென்றால் தொடாமல், மறுபக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆறிய மூக்கென்றால், எடுப்பதற்கு முன் ஈரமான பஞ்சுக் குச்சியால் விளிம்பிலுள்ள பவுடரை அவரையே துடைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு உலர்ந்த துணியால் கல்லை ஒற்றச் சொல்லுங்கள். கல்லில் விரலின் எண்ணெய் படிந்திருந்தால் மினுக்கு அங்கேயே செத்துவிடும். பின்னர் கணினியில் அதை எழுப்புவது கடினம். இந்த ஒரு நிமிடம் எனக்குப் பல முறை அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கேள்வி (விளம்பரப் பட ரீடச்சர்): நான் ஒவ்வொரு நகைக்கும் கோடு வரைவதில்லை. தோல் லேயரில் Blend If சென்று Underlying Layer வெள்ளை முனையை Alt அழுத்திப் பிரித்து, 200க்கு மேல் மெல்ல மறையுமாறு வைத்துவிடுவேன். மினுக்கு தானாகத் தப்பிவிடும். இத்தனை சுற்று வேலை எதற்கு?

பதில்: உங்கள் முறை வேகமானது என்பதில் ஐயமில்லை, நூறு படங்களை ஒரே நாளில் முடிக்க வேண்டியிருந்தால் நானும் அதையே செய்வேன். ஆனால் அது பிரகாசத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கிறது. தங்கமா தோலா என்று அதற்குத் தெரியாது. மூக்கு நுனியின் எண்ணெய்ப் பளபளப்பும் 200க்கு மேல் இருந்தால், நீங்கள் அடக்க நினைத்த அதுவும் தப்பிவிடும். மேலும், மினுக்கு என்பது வெள்ளைப் புள்ளி மட்டுமன்று. வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் அது இறங்கும் சரிவும் சேர்ந்ததே மினுக்கு. வெள்ளை தப்பிப் பழுப்பு மங்கினால், புள்ளி ஒட்டவைத்தது போலத் தெரியும்.

மறுமொழி (அதே ரீடச்சர்): பழுப்புப் பகுதிக்குக் கறுப்பு முனையையும் பிரித்துவிடலாமே.

பதில்: பிரிக்கலாம். வெளிர் நிறத் தோலில் நன்றாகவே பலிக்கிறது. மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் தங்கத்தின் பழுப்பும் தோலின் நிழலும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் நிற்பதால், என் கையில் அது பலிக்கவில்லை. உங்கள் கையில் பலித்த படம் இருந்தால் காட்டுங்கள். என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, படத்தில் மூக்குத்தி மினுங்கவே இல்லை. வெள்ளைத் தூரிகையால் நட்சத்திரம் போல ஒரு புள்ளி வைக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ பொய் என்று உடனே பட்டுவிடும். கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளி இடப்பக்கம் இருக்க, மூக்குத்தியில் மட்டும் வலப்பக்கம் மினுங்கினால் அந்தப் பொய் வெளிப்படுகிறது. நிறத்திலும் அது மாட்டிக்கொள்ளும்: தங்கம் தன் மீது படும் ஒளியைத் தன் நிறம் ஏற்றியே திருப்பி அனுப்புகிறது, வெள்ளைக் கல்லின் மேற்பரப்பு விளக்கின் நிறத்தையே திருப்புகிறது. தங்கக் கம்பியின் மேல் தூய வெள்ளைப் புள்ளி வைத்தால் அது கல்லும் ஆகாது, தங்கமும் ஆகாது.

ஏற்கனவே மங்கலாக இருக்கும் மினுக்கை எழுப்புவதே நேர்மையான வழி. Curves லேயர் ஒன்றை வைத்து, மேல் பாதியைச் சற்று உயர்த்தி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, இருக்கும் புள்ளியின் மேல் மட்டும் 10 சதவீத ஓட்டத்தில் வெள்ளையால் தடவுங்கள். நிறம் மிகையாக ஏறினால் அந்த லேயரை Luminosity என்று மாற்றுங்கள். எழுப்புவதற்கு ஒன்றுமே இல்லையென்றால், அன்று அந்தக் கல் மினுங்கவில்லை என்று விட்டுவிடுவதே மேல்.

வேலை முடிந்ததும் தற்காலிகமாக இன்னொரு Curves லேயர் வைத்து, படம் முழுவதையும் நன்றாக இருட்டாக்கிப் பாருங்கள். உண்மையான மினுக்குகள் மட்டும் இருட்டில் கூர்மையாக நிற்கும். தூரிகை இழுத்த கறையும் அறுந்த நிழலும் புகை போலத் தெரிந்துவிடும். பார்த்தபின் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

கேள்வி (கோவையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்): மூக்கைத் திருத்திய அதே முறையில் காது மடலையும் திருத்தினேன். ஜிமிக்கிக்கு மேலே உள்ள தோல் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

பதில்: 85 மி.மீ. லென்ஸில் f/1.8 வைத்துக் கண்ணில் குவித்து எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த அளவில் காது குவியத்துக்கு வெளியே போய்விடும். அங்கே தோலின் துளைகள் தெரியக்கூடாது, ஜிமிக்கியின் மினுக்கும் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டாகப் பரந்திருக்க வேண்டும். கன்னத்தின் கூர்மையான இழையைக் காது மடலில் கொண்டு வைத்ததால்தான் அது ஒட்டவில்லை. காதுக்குக் காதிலிருந்தே மாதிரி எடுங்கள். பரந்த வட்டுகளைக் கூர்மையாக்க முயலாதீர்கள்.

கனமான தோட்டினால் நீண்டுபோன துளையைக் குறுக்குவது பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை, ஒரு பாட்டியின் வைரத்தோட்டுப் படத்தில் நான் கேட்காமலேயே துளையைக் குறுக்கிவிட்டேன். வாங்க வந்த மகள், "அம்மாவின் காது இது இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார். அதிலிருந்து பவுடர், வியர்வை, அன்றைய சிவப்பு ஆகியவற்றை மட்டும் நீக்குகிறேன்; துளை, தழும்பு என்றால் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

மறுமொழி (மதுரைக்காரர்): மணப்பெண் நீக்கச் சொல்கிறார், மாமியார் வேண்டாம் என்கிறார். அப்போது?

பதில்: இரண்டு கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். ஆல்பத்தில் எது ஏறுவது என்பதை அவர்கள் வீட்டிலேயே பேசி முடிக்கட்டும்.