டூட்டியை எண்ணாதீர்கள், மணி நேரத்தைக் கணக்கிடுங்கள்

கேள்வி: எங்கள் துறையில் 11 பேர், அதில் ஒருவர் அரைநேரப் பணியாளர். பருவத் தேர்வில் 3 மணி நேரத் தேர்வு 8, ஒன்றரை மணி நேரத் தேர்வு 4. ஒவ்வொன்றுக்கும் மூன்று அறை, ஒரு ரிசர்வ். கண்காணிப்புப் பணியைப் பிரித்து மின்னஞ்சல் அனுப்பினாலே "எனக்கு மட்டும் ஏன் இத்தனை?" என்கிறார்கள். எப்படிப் பிரித்து எழுதுவது?

பதில்: ஆளுக்கு நான்கு டூட்டி என்று கொடுத்தால் கணக்கு சமம் போலத் தெரியும். ஆனால் ஒருவருக்கு நான்கும் 3 மணி நேரத் தேர்வாக அமைந்தால் 12 மணி நேரம். நான்கும் சிறிய தேர்வாக அமைந்தவருக்கு 6 மணி நேரம்தான். சண்டை தொடங்குவது இங்கேதான்.

அறைப் பணியின் மொத்த நேரத்தை முதலில் போடுங்கள். பெரிய தேர்வுகளுக்கு 8 × 3 அறை × 3 மணி = 72. சிறியவற்றுக்கு 4 × 3 × 1.5 = 18. ஆக 90 மணி. ரிசர்வில் இருப்பவர் அறைக்குள் நிற்காவிட்டாலும் வேறு வேலைக்குப் போக முடியாது. அதைப் பூஜ்யமாக எண்ணுவது அநியாயம். பாதி நேரமாக எடுத்தால் 15 மணி வரும். மொத்தம் 105. முழுநேரத்தினர் 10 பேர், அரைநேரம் அரைப் பங்கு; 105-ஐ 10.5-ஆல் வகுத்தால் முழுநேரத்தினருக்கு 10 மணி, அரைநேரத்தினருக்கு 5 மணி.

எல்லோருக்கும் மிகச் சரியாக 10 அமையாது. மூன்று பெரிய தேர்வோடு ஒரு பெரிய தேர்வின் ரிசர்வ் சேர்ந்தால் 10.5, சிறிய தேர்வின் ரிசர்வ் சேர்ந்தால் 9.75. அந்த மிச்சத்தைக் குறித்துவைத்து அடுத்த தேர்வில் நேர் செய்யுங்கள். ரிசர்வில் இருந்தவர் அறைக்கு அழைக்கப்பட்டால் அவர் கணக்கில் முழு நேரமும் ஏற வேண்டும்.

பெயர்களை நிரப்பும்போது தம் பாடத் தேர்வு நடக்கும் நேரத்தில் அந்தப் பாட ஆசிரியரை அறைக்குள் போடாதீர்கள். வினாத்தாளில் சந்தேகம் எழுந்தால் எல்லா அறைக்கும் அவர்தான் போக வேண்டியிருக்கும். காலையும் மதியமும் தொடர்ந்து ஒருவருக்கே விழுகிறதா என்பதை, தேதிவாரியாக அல்லாமல் பெயர்வாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

மின்னஞ்சலில் அட்டவணைக்கு முன்பே கணக்கு வரட்டும்:

"அனைவருக்கும் வணக்கம். மொத்தப் பணி 105 மணி நேரம்; முழுநேரத்தினருக்குச் சுமார் 10 மணி, அரைநேரத்தினருக்கு 5 மணி. ரிசர்வ் பாதியாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவரவர் மொத்தம் அட்டவணையின் கடைசிப் பத்தியில் உள்ளது. திருத்தம் இருந்தால் புதன் மாலை 4 மணிக்குள் எனக்கு மட்டும் எழுதுங்கள். இறுதிப் பட்டியல் வியாழன் காலை வரும். அதன்பின் பணியை மாற்றிக்கொள்ள விரும்பும் இருவரும் சேர்ந்து எனக்கு எழுத வேண்டும். நான் உறுதி செய்யும்வரை பழைய பட்டியலே செல்லும்."

"எனக்கு மட்டும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உடல்நலக் காரணத்தை 10 பேர் பார்க்க எழுத யாரும் விரும்பமாட்டார்கள். அப்படி ஒருவருக்குக் குறைத்திருந்தால் அட்டவணையில் "துறைத்தலைவருடன் பேசி முடிவானது" என்று மட்டும் போடுங்கள். இருவரும் எழுத வேண்டும் என்பதும் வெறும் சம்பிரதாயமில்லை. வாய்வார்த்தையில் மாற்றிக்கொண்டால், மணியடிக்கும் நேரத்தில் அறை ஆளில்லாமல் கிடக்க, இருவரும் மற்றவர் போவார் என்றே இருந்துவிடுவார்கள்.