8,300 ரூபாய் ரசீதுகள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் அப்பாவின் வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறோம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மாதம் அடிப்படைச் சம்பளம் 40,000, வீட்டு வாடகைப்படி 16,000, மற்றதெல்லாம் சேர்த்து 75,000. போன வருடம் (2024-25) கூட வேலை செய்பவர் சொன்னார் என்று கடையில் ரசீதுப் புத்தகம் வாங்கி, மாதம் 8,300 என்று பன்னிரண்டு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டேன். லட்சத்துக்குக் கீழே இருந்தால் பான் கேட்கமாட்டார்களாம். இந்த வருடமும் ஆபீஸில் கேட்கிறார்கள். அப்பா, "வாங்காத பணத்துக்கு நான் ஏன்டா கையெழுத்துப் போடணும்?" என்கிறார். இது பெரிய தப்பா சார்? இனிமேல் நிஜமாகவே அப்பாவுக்கு வாடகை கொடுத்தால் செல்லுமா?

பதில்: அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. ரசீது என்பது பணம் கைமாறியதற்கு அடையாளம். கைமாறாத பணத்துக்கு ரசீது எழுதினால் அது பொய் ஆவணம். அதைக் காட்டி வரியைக் குறைத்து, "இதில் உள்ளதெல்லாம் உண்மை" என்று உறுதிமொழியோடு ரிட்டர்ன் போட்டால் அது வரி ஏய்ப்பு. மேலே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருப்பதால் எதுவும் மாறாது. ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும்போது ஒட்ட வேண்டிய ஒரு ரூபாய் வில்லை அது, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொன்ன லட்ச ரூபாய் விதியில் பாதிதான் உண்மை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். தாண்டாவிட்டால் அந்த எண் வேண்டாம், ஆனால் ஆதாரம் வேண்டாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கம்பெனி ரசீதை ஏற்றுக்கொண்டால் வரித்துறையும் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. சொல்லப்போனால் 8,300 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 99,600. நம் பக்கத்தில் யாரும் வாடகையை 8,300 என்று பேசுவதில்லை, எட்டாயிரம் என்பார்கள், எட்டரை என்பார்கள். அதோடு ஒரே பேனா, ஒரே அழுத்தம், வரிசை எண்கூட விட்டுப்போகாத பன்னிரண்டு தாள்கள். வருடம் முழுக்க மாதாமாதம் எழுதிய ரசீதுகள் இப்படி இருக்காது.

அதிகாரி ரசீதோடு நிற்கவும் மாட்டார். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது, ரொக்கம் என்றால் எந்தத் தேதியில் எடுத்தீர்கள், அப்பா அதை வருமானமாகக் காட்டினாரா என்று கேட்பார். 2017இல் மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு இப்படி ஒரு வழக்கு போனது. அம்மாவுக்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாக மகள் சொன்னார். ஒப்பந்தம் இல்லை, பணம் எடுத்த தடமும் இல்லை. விசாரித்ததில் அவர் குடியிருந்தது சொந்த வீட்டில். சலுகை போய்விட்டது. 2025 ஜூலையில் வரித்துறை பல ஊர்களில் போலிக் கழிவுகளைத் தேடிச் சோதனை நடத்தியபோது வாடகைப்படியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இனி உங்கள் கணக்கு. வாடகைப்படிச் சலுகையில் மூன்று தொகைகளில் சிறியதுதான் கிடைக்கும்: கையில் வந்த வாடகைப்படி, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதம் போக மீதி, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம். (2024-25இல் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் 50.) உங்களுக்கு இரண்டாவதுதான் சிறியது: 99,600இல் 48,000 போக 51,600. நீங்கள் 20 சதவீத வரம்பில் இருப்பதால் செஸ்ஸோடு மிச்சமான வரி 10,733 ரூபாய். மாட்டினால் அந்த வரி, அதற்கு வட்டி, தவறான தகவல் தந்ததற்காக 270ஏ பிரிவில் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம், அதாவது 21,466. பொய் உறுதிமொழிக்கு 277ஆம் பிரிவில் வழக்கும் போடலாம். சிறு தொகைக்கு அவ்வளவு தூரம் போவது அரிது, ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வயிறு எரியும் இன்னொரு விஷயம். 80சி முழுக்க 1,50,000 காட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், பொய் ரசீதோடு பழைய வரி முறையில் நீங்கள் கட்டிய வரி சுமார் 43,900. அதே வருடம் புதிய வரி முறையில், ஒரு ரசீதும் இல்லாமல், 33,800 தான் வந்திருக்கும். திருடியும் நஷ்டம்! வீட்டுக்கடன் வட்டி போல வேறு பெரிய கழிவு இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும்.

போன வருடத்தைச் சரிசெய்ய இன்னும் வழி இருக்கிறது. திருத்த ரிட்டர்னுக்கான கெடு 2025 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. இப்போது போட வேண்டியது ஐடிஆர்-யூ எனும் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன். 51,600 சலுகையை எடுத்துவிட்டு, விட்டுப்போன வரி, வட்டி, இரண்டின் கூட்டுத்தொகையில் 25 சதவீதம் கூடுதல் ஆகியவற்றைக் கட்ட வேண்டும். உங்களுக்கு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாயை ஒட்டி வரும். 2027 மார்ச் 31 வரை இந்த 25 சதவீதம். அதன்பின் ஐம்பது, அறுபது, எழுபது என்று ஏறும். அந்த வருடக் கணக்கைத் துறை ஆய்வுக்கு எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும் என்பதால் நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புதிய முறைக்கு மாறி வரியைக் குறைத்துக்கொள்ள இந்த ரிட்டர்னைப் பயன்படுத்த முடியாது.

அப்பாவுக்கு நிஜமாக வாடகை கொடுப்பது தாராளமாகச் செல்லும், வீடு அவர் பெயரில் இருந்தால். பஞ்சாயத்து வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள், பாகம் பிரிக்காத வீடுகள் நிறைய. அப்படியானால் வாடகை வாங்கும் உரிமை யாருக்கு என்பதை முதலில் தீர்க்க வேண்டும். உங்களுக்கும் அதில் பங்கு இருந்தால் உங்கள் பங்குக்கு நீங்களே வாடகை கொடுக்க முடியாது.

பிறகு முத்திரைத்தாளில் ஒரு வாடகைச்சீட்டு எழுதுங்கள். மலையாளத்திலோ தமிழிலோ எழுதினால் கம்பெனிக்கு ஓர் ஆங்கில நகலும் வேண்டியிருக்கும். எந்தப் பகுதி (மாடியா, முன்பக்க இரண்டு அறையா), எவ்வளவு வாடகை, எந்தத் தேதியிலிருந்து, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதினொரு மாதத்துக்கு எழுதுவது வழக்கம், ஏனென்றால் ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரப் பதிவு கட்டாயம். முன்தேதி போடவே போடாதீர்கள். முத்திரைத்தாளில் வாங்கிய நாள் அச்சாகியிருக்கும். ஜனவரியில் வாங்கிய தாளில் அதற்கு முந்தைய ஏப்ரல் தேதி போட்டு ஒப்பந்தம் எழுதிக் கையும் களவுமாகச் சிக்கியவர்கள் உண்டு. தொகையும் அக்கம்பக்கத்து வாடகையை ஒத்திருக்க வேண்டும்.

மாதாமாதம் ஐந்தாம் தேதி வாக்கில் உங்கள் கணக்கிலிருந்து அப்பாவின் கணக்குக்கு அனுப்புங்கள். குறிப்பில் RENT என்றும் மாதத்தையும் போடுங்கள். வந்த பணம் அப்பாவுடையது. மாதக் கடைசியில் அதே எட்டாயிரம் உங்களுக்கே திரும்பி வந்தால் எல்லாம் நாடகம் என்று ஸ்டேட்மென்ட்டே சொல்லிவிடும். அவர் அதை வீட்டு வருமானமாகக் காட்ட வேண்டும். 96,000 வாடகை என்றால், அவர் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தள்ளுபடி. வேறு பெரிய வருமானம் இல்லாத பெரியவருக்குப் பெரும்பாலும் வரியே வராது.

ஆனால் 2025-26க்கு உங்களுக்கு இதில் எதுவுமே தேவையில்லை. புதிய முறையில் சம்பள வருமானம் 12,75,000 வரை வரி பூஜ்யம், உங்களுடையது ஒன்பது லட்சம். எச்ஆரிடம் "புதிய முறை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தில் மீதியுள்ள தாள்களில் பால் கணக்கு எழுதுங்கள்.