ஜூன் விடுமுறைக் கடிதத்துக்கு மூன்று விளையாட்டுகள்

கேள்வி: தொடக்கநிலை 3 ஆசிரியர் நான். வகுப்பில் ஒரு மாணவி எதைக் கொடுத்தாலும் சீக்கிரம் முடித்துவிடுகிறாள். ஜூன் விடுமுறையில் விளையாட மூன்று கல்வி விளையாட்டுகளைச் சொல்லி அவள் பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். எவற்றை எழுதலாம்?

பதில்: இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு விதியை மாற்றினால் விடையும் மாறுகிற விளையாட்டுதான் வேண்டும், இல்லையென்றால் இரண்டே நாளில் அலுத்துவிடும்.

முதலில் நிம். 21 பொத்தான்களை வைத்து இருவர் மாறி மாறி ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்க வேண்டும், கடைசிப் பொத்தானை எடுப்பவருக்கு வெற்றி. முதலில் ஆடுபவர் ஒன்றை எடுத்து 20 மிச்சம் வைத்து, பிறகு எதிராளி எத்தனை எடுத்தாலும் அதோடு சேர்த்து நான்கு ஆகும்படி எடுத்துக்கொண்டே வந்தால் தோற்கவே மாட்டார். இதை அப்பா முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, அதனால் "தயவுசெய்து விடையைச் சொல்லாதீர்கள், நீங்களே நிறையத் தோற்றாலும் பரவாயில்லை" என்று கடிதத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். அவள் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தால் கடைசிப் பொத்தானை எடுப்பவர் தோற்றார் என்று விதியை மாற்றச் சொல்லுங்கள். இப்போது அதே 21 இரண்டாவதாக ஆடுபவருக்குச் சாதகம். பழைய பழக்கத்தில் "நான்தான் முதலில்" என்று ஓடி வந்தாள் என்றால் மனப்பாடம் செய்திருக்கிறாள், கொஞ்சம் யோசித்துவிட்டு "நீங்க ஆரம்பிங்க" என்றாள் என்றால் காரணம் புரிந்துவிட்டது.

இரண்டாவது, எண் கண்டுபிடிப்பு. காகிதம் பென்சில் போதும், எம்ஆர்டி-யில் போகும்போதுகூட ஆடலாம். ஒருவர் நான்கு வெவ்வேறு இலக்கங்களில் ஓர் எண்ணை ஒளித்துவைக்க, மற்றவர் ஊகித்துச் சொல்ல, எத்தனை இலக்கம் சரியான இடத்தில், எத்தனை இடம் மாறி இருக்கிறது என்று மட்டும் பதில் வரும். 1234 என்று கேட்டு "ஒன்றுமே இல்லை" என்று பதில் வந்தால் பிள்ளைகள் முகம் வாடும். உண்மையில் அது நல்ல சேதி, 5040 வாய்ப்புகள் ஒரே அடியில் 360 ஆகச் சுருங்கிவிட்டன. ஒவ்வொரு ஊகத்துக்கும் பக்கத்தில் "ஏன் இந்த எண்" என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம், ஆனால் அதைப் பயிற்சித்தாள் போல ஆக்கிவிட வேண்டாம்.

மூன்றாவது, பல்லாங்குழி போல விதைகளைக் குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும் சொங்காக். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு விதை உள்ள பலகையில், தன் களஞ்சியத்துக்கு மிகத் தொலைவான குழியிலிருந்து தொடங்கினால் ஏழாவது விதை சரியாகக் களஞ்சியத்தில் விழும், இன்னொரு முறை ஆடலாம். இதை அவளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் குழிக்கு ஐந்து விதை வைத்தால் எந்தக் குழி என்று கேட்கலாம்.

பகலில் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார் என்றால் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். பல்லாங்குழி ஆடிய பாட்டியாக இருந்தால் மூன்றாவதற்கு விளக்கமே வேண்டியதில்லை.