கடைக்குப் போகும் ஐந்து மணி நேரம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மதுரையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பு மதியம் ஒன்றரைக்கு முடிந்துவிடும். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு செப்டம்பர் முதல் வரச் சொல்கிறார்கள். மாலை நான்கரை முதல் ஒன்பதரை வரை, வாரம் ஆறு நாள், மாதம் 7,500 ரூபாய். அப்பா 50,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஆனால் எனக்குப் புள்ளியியலில் ஒரு அரியர் இருக்கிறது. குரூப் 4 தேர்வுக்காகப் பயிற்சி மையத்தில் 8,000 ரூபாயும் கட்டிவிட்டேன். அது வீணாகிவிடுமே என்று தோன்றுகிறது. வேலைக்குப் போனால் அந்த ஐந்து மணி நேரப் படிப்பும் போய்விடும். ‘வாய்ப்புச் செலவு’ என்று பாடத்தில் படித்தேன். அதை என் விஷயத்தில் எப்படிக் கணக்கிடுவது?

ம., மதுரை

அன்புள்ள ம.,

முதலில் அந்த 8,000 ரூபாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது திரும்பி வராது. எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத தொகை, தேர்வுக்குள் நுழையக் கூடாது. அந்த மையத்தில் இனி நடக்கப்போகும் வகுப்புகள் உங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பது மட்டும் கேள்வியாக நிற்கட்டும்.

வாய்ப்புச் செலவு என்பது, ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடுகிறவற்றுள் மிகச் சிறந்த ஒன்றின் நிகர மதிப்பு. இதில் இரண்டு சொற்கள் முக்கியம். ‘ஒன்று’ என்பதால், ஒரு மணி நேரத்துக்குப் படிப்பு, தூக்கம், நண்பர்கள் என்று எல்லாவற்றையும் கூட்டக் கூடாது. அந்த மணியில் உண்மையில் எதைச் செய்திருப்பீர்களோ அது மட்டும்தான் செலவு. ‘நிகரம்’ என்பதால், அந்த மாற்று வழிக்கு ஆகும் செலவைக் கழித்துவிட வேண்டும். இந்த இரண்டாவது இடத்தில் கற்றவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பால் ஃபெராரோ, லாரா டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பொருளியலாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் 199 பேரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, முடிவை 2005-இல் வெளியிட்டார்கள். எரிக் கிளாப்டன் கச்சேரிக்கு உங்களுக்கு இலவசச் சீட்டு கிடைத்திருக்கிறது. அதே இரவில் பாப் டிலன் கச்சேரியும் நடக்கிறது. அதற்கு நீங்கள் 50 டாலர் வரை தரத் தயார், சீட்டின் விலையோ 40 டாலர். அப்படியானால் கிளாப்டன் கச்சேரிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு? விடை 10 டாலர். அதைச் சரியாகக் குறித்தவர்கள் 21.6 விழுக்காட்டினர். கேள்வியின் சொல்லாட்சியே குழப்பமானது என்று பின்னர் சிலர் வாதிட்டார்கள். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. எப்படியானாலும், நிகரத்தை மறந்தால் கணக்கு எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

உங்கள் சம்பளத்தின் நிகரம் என்ன என்று பார்ப்போம். மாதம் 26 நாள், நாளுக்கு ஐந்து மணி என்றால் 130 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 58 ரூபாய் வருகிறது. ஆனால் கடைக்குப் போவதாலும் இரவில் திரும்புவதாலும் நாள்தோறும் முக்கால் மணி நேரமாவது கூடுதலாக வழியில் கழியும் என்றும், டீ, பலகாரம், பேருந்து என்று 40 ரூபாய் செலவாகும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 6,460 ரூபாய். போகும் நேரமோ ஏறக்குறைய 150 மணி. மணிக்கு 58 ரூபாயாகத் தெரிந்த கூலி 43 ரூபாயாகிவிட்டது.

இனி மறுபக்கம். வேலைக்குப் போனால் ஐந்து மணி நேரப் படிப்பு போகும் என்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. கல்லூரியிலிருந்து வந்த பையன் மாலை நான்கரைக்குப் புத்தகத்தைத் திறந்து ஒன்பதரைக்கு மூடும் வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. கைப்பேசி இருக்கிறது, விருந்தாளி வருவார், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும், கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வரச் சொல்வார்கள். ஒரு வாரம் மட்டும், படிக்க உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தேறினாலே பெரிது என்பது என் எண்ணம். அப்படியானால் வேலைக்காக நீங்கள் கைவிடும் படிப்பு மாதம் 52 மணி நேரம்தான். மீதி நேரத்தில் போவது ஓய்வும் பொழுதுபோக்கும். அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆயினும் படிப்பின் மதிப்பு அவற்றுக்கு இல்லை. சம்பளம் முழுவதையும் இந்த 52 மணி நேரத்தின் மேல் ஏற்றினால், இழக்கும் ஒவ்வொரு மணி நேரப் படிப்புக்கும் கடை உங்களுக்கு 124 ரூபாய் தருகிறது என்றாகும். வேலைக்குச் சாதகமான கணக்கு இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாப் படிப்பு மணிகளும் ஒரே விலை உடையவை அல்ல. உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அரியரை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் அந்தத் தாளை விட்டால், ஏப்ரலில் இறுதிப் பருவத் தாள்களோடு சேர்த்து எழுத வேண்டும். அதிலும் போனால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். படித்து முடித்ததும் மாதம் 15,000 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைக்கும் என்று வைத்தால், அந்தத் தாமதத்தின் விலை 90,000 ரூபாய். மறுபடி எழுதக் கட்டும் தேர்வுக் கட்டணத்தைத்தான் பிள்ளைகள் அரியரின் செலவாக நினைக்கிறார்கள். அது இந்தத் தொகையின் ஓரத்தில் ஒட்டிய தூசி. இப்போது போலவே விட்டுவிட்டால் பட்டம் தள்ளிப்போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றும், செப்டம்பர், அக்டோபரில் 80 மணி நேரம் புள்ளியியலுக்கென்றே உட்கார்ந்தால் அது பத்தில் ஒன்றாகக் குறையும் என்றும் கொள்ளுங்கள். இவை என் ஊகங்கள். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். குறைகிற நாற்பது விழுக்காட்டை 90,000 ரூபாயால் பெருக்கினால் 36,000 ரூபாய். அதை 80-ஆல் வகுத்தால் மணிக்கு 450 ரூபாய். கடை தரும் 124 ரூபாய் இதன் பக்கத்தில் நிற்காது. என் எண்கள் பாதிக்கு மேல் தவறாக இருந்தாலும் முடிவு மாறாது என்பதைக் கவனியுங்கள். தோராயக் கணக்கை நம்பலாமா என்று சோதிக்க இதுவே வழி.

குரூப் 4 அப்படியல்ல. 2024-இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது ஏறக்குறைய 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முன்னூறு பேருக்கு மேல் ஓர் இடம். விண்ணப்பித்த எல்லோரும் முனைந்து படித்தவர்கள் அல்லர் என்பதால் உங்கள் நிலை அந்தச் சராசரியைவிட மேலாக இருக்கலாம். ஆனாலும், அந்த மணி நேரங்களின் மதிப்பு அரசு வேலையின் மொத்த மதிப்பு ஆகாது. வேலை கிடைக்கும் வாய்ப்பு அந்த மணிகளால் எவ்வளவு கூடுகிறதோ அந்த அளவுதான். இளநிலை உதவியாளர் ஊதிய நிலை 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் பணிப் பாதுகாப்பும் சேர்த்து, தனியார் வேலையைவிட அது இன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய் கூடுதல் என்று வையுங்கள். நாளுக்கு இரண்டு மணி என்று ஆறு மாதம் படித்தால் 312 மணி நேரம். அதனால் தேர்ச்சி வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து கூடினால் 40,000 ரூபாய், மணிக்கு 128 ரூபாய். ஏறக்குறைய கடைச் சம்பளத்துக்குச் சமம். நூற்றுக்கு மூன்றுதான் கூடுமென்றால் 77 ரூபாய்; கடை மேல். பத்துக் கூடுமென்றால் படிப்பு மேல்.

எது உங்கள் எண் என்பதை நான் சொல்ல முடியாது, வினாத்தாள் சொல்லும். 200 கேள்விகள் கொண்ட முந்தைய ஆண்டுத் தாள் ஒன்றை, மூன்று மணி நேரத்தை வைத்து, பாதியில் எழாமல் எழுதிப் பாருங்கள். ஒரு மாதம் படித்தபின் வேறோர் ஆண்டின் தாளை எழுதுங்கள். 110 சரியாக இருந்தது 130 ஆனால் உங்கள் மணிகள் வேலை செய்கின்றன. 110 என்பது 113 ஆக நின்றால், ஒரு மாதம் படித்தும் அசையாத பகுதி எது என்று பாருங்கள். தமிழில் நூறு கேள்விகள் இருப்பதால் அங்கே தேக்கம் என்றால் படிக்கும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும், பொது அறிவில் என்றால் ஒரு மாதம் போதாமலும் இருக்கலாம்.

அப்பாவின் கடனை நான் மறக்கவில்லை. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 50,000-க்கு மாதம் 1,500. ஆண்டுக்கு 36 விழுக்காடு. இவ்வளவு வட்டி ஓடும் வீட்டில் இன்றைய ரூபாய்க்கு நாளைய ரூபாயைவிட எடை அதிகம் என்பது உண்மை. ஆனால் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாத நிகரச் சம்பளமான 12,920 ரூபாயை முழுவதும் அசலில் கட்டினாலும், அதன்பின் வட்டி குறைவது மாதம் 390 ரூபாய்க்குள்தான். அரியர்க் கணக்கை அது அசைக்கவில்லை. இன்னொன்று: வட்டியைக் குறைக்க உங்கள் உழைப்பு மட்டுமே வழி என்று வைத்துக்கொண்டுதான் கடைக்கு இவ்வளவு மதிப்பு வந்தது. வீட்டில் அடகு வைக்கக்கூடிய நகை ஏதாவது இருந்தால், வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் கீழேதான். அந்தக் கடனை வாங்கி இதை அடைத்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் மிச்சமாகும். கடையில் நீங்கள் நான்கு நாள் நின்று சம்பாதிக்கும் பணம் அது. அப்பாவிடம் இதைப் பேசிவிட்டுப் பிறகு கடைக்காரரிடம் பேசுங்கள்.

அவரிடம் என்ன கேட்பது? டிசம்பர் முதல் வருகிறேன் என்று கேளுங்கள். தீபாவளிக் கூட்டத்துக்காகத்தான் இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்பதால் மறுக்கக்கூடும். பொங்கல் விற்பனைக்கு அவர்களுக்கு மறுபடி ஆள் வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நேரத்தைக் குறைத்து ஏழரைக்கே விடச் சொல்வது நடக்காது. ஜவுளிக்கடையில் பில் கவுண்டரில் வரிசை நீள்வதே ஏழு மணிக்குப் பிறகுதான். ஒன்பதரைக்கு முடித்து, வீடு சேர்ந்து, சாப்பிட்டு, காலை வகுப்பைத் தவறவிடத் தொடங்கினால் 75 விழுக்காடு வருகைப்பதிவு அடிபடும். கடைசி ஒன்றரை மணி நேரத்தின் செலவு முதல் மூன்று மணியினுடையதைவிட அதிகம். ஆகவே இப்போதே வந்தாக வேண்டும் என்று அவர் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுநாள் வருவதாகக் கேட்டுப் பாருங்கள். நாள் கூலி 500 ரூபாய் கிடைத்தால் நான்கு ஞாயிறுக்கு 2,000. செலவு போக அந்த மாத வட்டி அதிலேயே அடைந்துவிடும், புள்ளியியலுக்கு வாரத்தின் மற்ற ஆறு மாலைகளும் மிஞ்சும்.