கதவு, ஜன்னலைக் கழித்தால் பெயின்ட் எத்தனை லிட்டர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: படுக்கையறைக்கு எமல்ஷன் அடிக்கப் போகிறோம். அறை 12 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். கதவும் ஜன்னலும் போக எத்தனை லிட்டர் வாங்கலாம்? கடைக்காரர் 10 லிட்டர் டப்பாவைக் கைகாட்டுகிறார். (மதுரை வாசகி)

பதில்: நான்கு சுவர்களின் நீளத்தையும் கூட்டினால் 46 அடி. அதை 10 அடி உயரத்தால் பெருக்கினால் 460 சதுர அடி. கூரையைத் தனியாக வையுங்கள். அதற்குப் பெரும்பாலும் வேறு நிறம், வேறு டப்பா.

இனிக் கழிக்க வேண்டியவை. நீங்கள் எழுதியிருக்கும் அளவுப்படி வாசல் கதவு மூன்றரைக்கு ஏழு, அதாவது 24.5 சதுர அடி. பாத்ரூம் கதவு இரண்டரைக்கு ஏழு, 17.5. இரண்டு ஜன்னல்களும் நாலுக்கு நாலரை என்பதால் 18 வீதம் 36. ஆக 78 சதுர அடி போக 382 மிஞ்சுகிறது. கதவை அளக்கும்போது பலகையை மட்டும் அளக்காமல் நிலையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். நிலைச் சட்டத்திலும் சுவர் பெயின்ட் படாது அல்லவா?

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒன்பது அங்குலச் சுவரில் ஜன்னல் சட்டம் வெளிமுகத்தை ஒட்டி நிற்கிறது. அதனால் உள்ளே மேலும் இரு பக்கமும் சுவரின் கனம் சுமார் அரை அடி தெரிகிறது. அங்கேயும் பெயின்ட் போகும். கீழே கிரானைட் பதித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பக்கம் வேண்டாம். மேலே 4 அடி, இரு பக்கமும் நாலரை வீதம் 9 அடி, சேர்ந்து 13 அடி. அரை அடி அகலம் என்றால் ஒரு ஜன்னலுக்கு ஆறரை, இரண்டுக்கும் 13 சதுர அடி. இதைத் திரும்பக் கூட்டினால் 395. கதவு நிலைகள் அறைப் பக்கச் சுவரோடு மட்டமாக இருப்பதால் அவற்றுக்குக் கூட்ட எதுவும் இல்லை.

நீங்கள் வாங்கப் போகும் டப்பாவில் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கோட்டுக்கு 790 சதுர அடி, 120-ஆல் வகுத்தால் சுமார் 6.6 லிட்டர். ரோலரிலும் வாளியிலும் ஒட்டி வீணாவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 6.9. நாலு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் டப்பா மூன்றும் போதும். எதையும் கழிக்காமல் போட்டிருந்தால் கணக்கு 8 லிட்டரைத் தாண்டியிருக்கும். 10 லிட்டர் டப்பா அப்படித்தான் வந்து சேர்கிறது.

இந்தக் கணக்கு பட்டி பார்த்து, பிரைமர் அடித்த வழுவழுப்பான சுவருக்குத்தான். மெஷினில் நிறம் கலந்து வாங்குவதானால் டப்பாவில் அச்சிட்ட அளவையும் பார்த்துவிடுங்கள். நிறச்சாயம் விட இடம் வேண்டும் என்பதால் சில டப்பாக்களில் முழு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இன்னொன்று: கலக்கும் தண்ணீரை லிட்டர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: இரண்டு கோட்டுக்கும் பெருக்கிய பிறகு கதவு, ஜன்னலைக் கழித்தேன். மகன் தவறு என்கிறான். (கரூர்)

பதில்: மகன் சொல்வதுதான் சரி. முதல் கோட்டிலும் கதவில் பெயின்ட் படாது, இரண்டாவது கோட்டிலும் படாது. முதலில் கழித்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள். மேலே சொன்ன அறையில் 460-ஐ இரட்டித்து 78-ஐ ஒருமுறை மட்டும் கழித்தால் 842 வரும். கழித்த 382-ஐ இரட்டித்தால் 764. அரை லிட்டருக்கு மேல் வித்தியாசம்.

கேள்வி: பாத்ரூமில் 7 அடி வரை டைல்ஸ். மேலே மட்டும் பெயின்ட். அளவு 7-க்கு 5, உயரம் 10. என் கணக்கில் ஐம்பத்தொன்றரை சதுர அடிதான் வருகிறது. பெயின்டர் 72 என்கிறார். (நாகர்கோவில்)

பதில்: பெயின்டர் பக்கம்தான் நியாயம். நீங்கள் மொத்தச் சுவர் 240-லிருந்து டைல்ஸ் 168, கதவு 17.5, வென்டிலேட்டர் 3 என்று மூன்றையும் கழித்திருக்கிறீர்கள். கதவின் உயரமும் ஏழு அடி, டைல்ஸின் உயரமும் ஏழு அடி. சுற்றளவு 24 அடியையும் ஏழால் பெருக்கி 168 என்று எடுத்தபோதே கதவின் இடமும் அதற்குள் போய்விட்டது. அதே கதவை இரண்டாம் முறை கழித்தால் பெயின்ட் போதாமல் போகும்.

இப்படிப்பட்ட அறையில் மொத்தத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவதைவிட, பெயின்ட் அடிக்கும் பட்டையை மட்டும் நேராகக் கணக்கிடுவது நல்லது. 24 அடிச் சுற்றளவு, 3 அடி உயரம், 72 சதுர அடி. மூன்று சதுர அடி வென்டிலேட்டரை விட்டுவிடுங்கள். அதைச் சுற்றிய ஓரங்களுக்கே அந்த அளவு பெயின்ட் ஏறக்குறையச் சரியாகப் போய்விடும். இரண்டு கோட்டுக்கு 1.2 லிட்டர்.

கேள்வி: சதுர அடிக் கூலி பேசியிருந்தோம். கான்ட்ராக்டர் கதவு, ஜன்னல் எதையும் கழிக்காமல் முழுச் சுவருக்கும் பில் போட்டிருக்கிறார். கேட்டால் “ஊர் வழக்கம் அதுதான்” என்கிறார். (திருச்சி)

பதில்: இதில் இரண்டு பரப்புகள் குழம்புகின்றன. பெயின்ட் எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு பரப்பு, கூலி எவ்வளவு கொடுப்பது என்பதற்கு இன்னொரு பரப்பு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜன்னலைச் சுற்றி பிரஷ் பிடித்து ஓரம் வெட்டுவது ரோலர் உருட்டுவதைவிட நேரம் பிடிக்கும் வேலை. அந்த உழைப்புக்குக் கூலியில் இடம் வேண்டும்.

இதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு முறை இருக்கிறது. ஐ.எஸ். 1200 என்ற அளவீட்டுத் தரத்தின் 13-ஆம் பகுதி சுவர்களுக்கு வெள்ளை, டிஸ்டெம்பர், பெயின்ட் அடிப்பதை எப்படி அளப்பது என்று சொல்கிறது. அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்பு, அதாவது நம் கணக்கில் சுமார் 5.4 சதுர அடி, கழிக்கப்படாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை, சுமார் 32 சதுர அடி, உள்ளவற்றில் பாதிக் கழிவு போல ஓர் ஏற்பாடு. சுவரின் இரு முகத்திலும் ஒரே வகை பூச்சு என்றால் ஒரு முகத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மறுமுகத்தில் கழிக்காமல் விடுவது, சுவரின் கனத்தில் செய்யும் வேலைக்கு ஈடு. அதனால் அந்தக் கனப்பகுதியைத் தனியாகக் கூட்டக் கூடாது. 3 சதுர மீட்டருக்கு மேலான திறப்பை இரு முகத்திலும் கழித்து, கனப்பகுதியை அளந்து கூட்ட வேண்டும்.

இரு முகத்திலும் வெவ்வேறு பூச்சு என்றால் கனம் குறைவாகத் தெரியும் பக்கத்தில் கழிப்பு, அதிகமாகத் தெரியும் பக்கத்தில் கழிப்பு இல்லை. இரண்டும் சமம் என்றால் பாதி பாதி.

மதுரை அறையிலேயே இதைப் போட்டுப் பார்ப்போம். ஜன்னல்களுக்கு வெளியே எக்ஸ்டீரியர் பெயின்ட், உள்ளே எமல்ஷன். கனம் உள்ளேதான் தெரிகிறது. அதனால் உள்பக்கம் கழிப்பு இல்லை. பாத்ரூம் கதவின் மறுபுறம் டைல்ஸ், நிலை அறைப் பக்கம் மட்டமாக இருக்கிறது. ஆகவே 17.5 முழுவதும் கழியும். ஹாலிலும் அறையிலும் அதே எமல்ஷன் என்றால் வாசல் கதவின் 24.5 ஒரு பக்கத்தில் மட்டும் கழியும். அதை இந்த அறையில் கழித்தால் ஹாலில் கழிக்கக் கூடாது. ஆக 460 போய் 418. பெயின்ட் வாங்கக் கணக்கிட்டது 395.

உங்கள் கான்ட்ராக்டர் கேட்பது 460 வகை. நீங்கள் கொடுக்க நினைப்பது 382 வகை. என் எண்ணத்தில் 418 வகைதான் இருவருக்கும் நேர்மையானது. ஆனால் தனியார் வேலையில் இந்தத் தரம் தானாக வந்து ஒட்டாது. வேலை தொடங்கும் முன் “ஐ.எஸ். 1200 முறைப்படி கழிப்பு” என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். “கழிப்பு இல்லை” என்று பேசி, சதுர அடிக் கூலியை அதற்கேற்பக் குறைத்திருந்தால் அதுவும் முறையான ஒப்பந்தமே. உங்கள் விஷயத்தில் எதுவும் பேசவில்லை என்பதால், இந்த முறையைக் காட்டி நடுவில் ஒரு தொகைக்கு வாருங்கள். முழுக் கழிப்பு கேட்டுப் பிடிவாதம் பிடிப்பது நியாயமில்லை.

கேள்வி: வெளிச்சுவரில் மூன்று ஜன்னல்களையும் கழித்து வாங்கினேன். கடைசியில் பெயின்ட் பற்றவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய அளவில் சன்ஷேடு எங்குமே இல்லை. காரணம் அதுதான். சுவர் 30-க்கு 11, 330 சதுர அடி. ஜன்னல்கள் 54 போக 276. நாலடி ஜன்னலுக்கு மேல் 5 அடி நீளமும் 2 அடி நீட்டமும் உள்ள சன்ஷேடு இருந்தால் அடிப்பக்கம் 10 சதுர அடி, மேல்பக்கம் 10, மூன்று ஓர விளிம்புகள் சேர்ந்து சுமார் 3. ஒன்றுக்கு 23, மூன்றுக்கு 69. கழித்ததைவிடக் கூட்ட வேண்டியது அதிகம். உண்மையான பரப்பு 345. மேல்பக்கம் அடிக்கப் போவதில்லை என்றால் முப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பட்டி இல்லாத சொரசொரப்பான பூச்சு என்றால் டப்பாவில் போட்டிருக்கும் பரப்பெல்லையில் குறைந்த எண்ணையே எடுங்கள்.

கேள்வி: கால்குலேட்டரில் 10 அடி 11 அங்குலத்தை 10.11 என்று போடலாமா? (பொள்ளாச்சி)

பதில்: கூடாது. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் போடுங்கள். 11 அங்குலம் 0.92 அடி, ஆக 10.92. எதிரெதிர் சுவர் இரண்டிலும் 0.8 அடி வீதம் விட்டுப்போனால் 10 அடி உயரத்துக்கு 16 சதுர அடி காணாமல் போகும். ஏறக்குறைய ஒரு ஜன்னல் அளவு.

கேள்வி: சுவரிலிருந்து கழித்த கதவுக்கு எனாமல் அடிக்க அதே 24.5 சதுர அடியை எடுத்துக்கொள்ளலாமா? (ஈரோடு)

பதில்: அது ஒரு பக்கத்தின் தட்டைப் பரப்பு மட்டும். நிலையின் கனம், ஓரங்கள், பலகைகளின் மேடு பள்ளம் எல்லாம் அதில் அடங்காது. அளவீட்டு முறையில் இதற்காக ஒரு பெருக்கு எண் உண்டு. ஃபிளஷ் கதவுக்குப் பக்கத்துக்கு 1.2, பேனல் கதவுக்கு 1.3. உங்களுடையது பேனல் கதவு என்பதால் ஒரு பக்கத்துக்கு சுமார் 32, இரு பக்கமும் 64 சதுர அடி. ஜன்னல் கிரில்லுக்கு அதன் தட்டைப் பரப்பை ஒருமுறை எடுத்தால் போதும், முன்னும் பின்னும் அதிலேயே அடங்கும். எனாமலுக்கு அதன் டப்பாவில் உள்ள பரப்பளவைப் பாருங்கள், எமல்ஷன் எண்ணைக் கொண்டு வகுக்காதீர்கள்.