புல்சா இருக்கு, நெட் இல்ல: இந்தோனேசிய சிம் திரை பற்றிய கேள்வி பதில்

“அண்ணா, பண்டுங் வந்து ஒரு வாரம். Rp 100.000 ரீசார்ஜ் பண்ணேன். MyTelkomsel ஆப்ல பணம் காட்டிச்சு, மறுநாள் பார்த்தா பாதி காணோம். யாராவது எடுத்துட்டாங்களா?”

யாரும் எடுக்கலை தம்பி, உங்க போனே தின்னுடுச்சு. நம்ம ஊர்ல இப்பல்லாம் ரீசார்ஜ்னாலே பேக்தான். இங்க ரெண்டு படி. முதல்ல போடுறது Pulsa, அதாவது வெறும் பணம். அந்தப் பணத்துல Paket வாங்கினாத்தான் நெட் கணக்கு தனியா ஓடும். பேக் இல்லாம மொபைல் டேட்டாவைத் திறந்து வச்சா, பின்னால ஓடுற ஆப் அப்டேட் எல்லாம் பேக் இல்லாத விலையில புல்சாவுலேர்ந்து கழியும்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான்: மொபைல் டேட்டாவை அணைங்க. வைஃபையில இருந்துக்கிட்டு புல்சா போட்டு, பேக் வாங்குங்க. திரையில Sisa kuota, அதாவது மீதி டேட்டா, ஏறியிருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் திறங்க. பேக் முடியுற அன்னிக்கு ராத்திரியும் அணைச்சு வைங்க. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

“என் திரைல ரெண்டு தேதி இருக்கு. எது உண்மை?”

ரெண்டும் உண்மை. நீங்க அனுப்பின படத்துல இருக்கிறது:

```
Pulsa        Rp 37.500
Masa aktif   s.d. 14 Sep
Kuota Utama  6 GB
Kuota Lokal  12 GB
Berlaku      s.d. 20 Agu
```

s.d.ன்னா ‘வரைக்கும்’. கீழே இருக்கிற ஆகஸ்ட் 20 பேக்கோட ஆயுசு. அன்னிக்கு மிச்சமிருக்கிற டேட்டா hangus, நேர் அர்த்தம் கருகிப்போச்சு. மேலே இருக்கிற செப்டம்பர் 14 நம்பரோட ஆயுசு. அது தாண்டினா Masa tenggang-னு ஒரு சலுகைக் காலம். அதுக்குள்ள புல்சா போட்டா நம்பர் பிழைக்கும். அதையும் விட்டா நம்பரும் போகும், உள்ள இருக்கிற 37.500-உம் போகும். அது முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. புள்ளியைத் தசமப் புள்ளின்னு நினைச்சுடாதீங்க. இங்க தசமத்துக்குக் கமா, 1,5 GB-ன்னா ஒன்றரை.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க பேக் தேதியைப் பார்த்துட்டு Masa aktif-ஐ மறந்துடுறாங்க. பேங்க் ஓடிபி அந்த நம்பருக்கு வருதுன்னா அந்த மேல் வரிதான் முக்கியம்.

“இடைல பேசுறதுக்கு மன்னிக்கணும். பேக் வாங்கினாலே நம்பர் வேலிடிட்டி தானா நீளும். நாலு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.”

நீங்க நாலு வருஷமா புல்சாவும் போட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க சார். தேதியை நகர்த்தினது அதுவா இருக்கலாம். ஏற்கெனவே இருக்கிற புல்சாவுலேர்ந்து பேக் வாங்கினா நம்பர் தேதி நீளும்னு நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம். சில பேக்குல சேர்த்துத் தர்றாங்க, அப்படின்னா வாங்குற திரையிலேயே Masa aktif-னு எழுதியிருக்கும். சோதிக்கிறது சுலபம்: புல்சாவும் தேதியும் காட்டுற `*888#`-ஐ வாங்குறதுக்கு முன்னால ஒரு தடவை டயல் பண்ணுங்க, வாங்கின பிறகு மறுபடி டயல் பண்ணுங்க. தேதியை ஒப்பிடுங்க.

“பாலி வந்திருக்கேன். 12 GB மிச்சம்னு காட்டுது, ஆனா புல்சா குறையுது. ஆப் பொய் சொல்லுதா?”

அந்த 12 GB, Kuota Lokal. பேக்குக்குன்னு வகுத்த வட்டாரத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். வெளியூர்ல Kuota Utama, அதாவது முதன்மை டேட்டா, ஓடும். அது தீர்ந்ததும் புல்சா. மேலே பெரிய எழுத்துல காட்டுறது கூட்டுத்தொகை. அதைத் தட்டிப் பிரிச்சுப் பார்க்காம ‘நிறைய இருக்கு’ன்னு கிளம்பாதீங்க. அடிக்கடி ஊர் மாறுறவங்க Utama அதிகமா இருக்கிற பேக்கா பாருங்க, மொத்த ஜிபி குறைஞ்சாலும் பரவாயில்லை.

“ரீசார்ஜ் பண்ணேன், நெட் வரல. ஹெல்ப் ப்ளீஸ்.”

முதல் பதில்.

“பணம் போட்டேன், பேக் ஏறல, என்ன பண்றது?”

முதல் பதில். ‘புல்சா வேற, பேக் வேற’ன்னு போன் கவர்ல ஒட்டி வைங்க.

“ஜியோ ரோமிங் பேக்ல எது நல்லது?”

அது எனக்குத் தெரிஞ்ச திரை இல்லை. ஜியோகாரங்களைக் கேளுங்க.

“வேலிடிட்டி இருக்கு, பேக் இருக்கு. மூணு மாசம் கழிச்சு திடீர்னு சிக்னலே இல்ல. போன் சென்னைல வாங்கினது.”

இது ரீசார்ஜ் பிரச்சினையே இல்லை. வெளிநாட்டுல வாங்கின போனோட ஐஎம்இஐயை இங்க பதியணும். சுற்றுலாப் பயணியா சிம் கடையில பதிஞ்சிருந்தா 90 நாள்தான். அதே சிம்மை இங்க வாங்கின போன்ல போட்டுப் பாருங்க. சிக்னல் வந்தா பெரும்பாலும் இதுதான் காரணம், சுங்க அலுவலகத்துல விசாரிங்க.

“அந்த நாலு வருஷக்காரன்தான். இப்பத்தான் பேக் வாங்கி `*888#` போட்டேன். தேதி நகரல. ஆனா என் ரூம்மேட்டுக்கு நகர்ந்திருக்கே?”

அவர் பணம் கட்டினது புல்சாவுலேர்ந்தா, இ-வாலட்லேர்ந்தா? என்ன பேக்? ரெண்டு படமும் அனுப்புங்க, பார்க்கலாம்.