முட்டி விரலைத் தாண்டினால் என்ன?

கேள்வி: ஜிம் பயிற்சியாளர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் போட்ட பதிவைப் பார்த்து வீட்டில் உடற்பயிற்சி செய்கிறேன். ஸ்குவாட் ஸ்லைடில் ‘முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது’ என்று சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். அப்படியே செய்தால் பின்னால் சாய்ந்து விழப் பார்க்கிறேன், இடுப்புக்கு மேலே முதுகும் பிடிக்கிறது. வயது 41. நான் செய்வதில் தப்பா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தப்பு அந்தச் சிவப்புக் கோட்டில்தான், சகோதரி. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முட்டிக்கு நன்றாக முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். எழ முடியாது. பாதத்தைப் பின்னால் இழுத்து, முட்டி முன்னால் வந்தால்தான் உடம்பின் பாரம் பாதத்துக்கு மேலே வரும். ஸ்குவாட்டிலும் அதே கணக்குதான். முட்டியைக் கட்டிப்போட்டால் இடுப்பு ரொம்பப் பின்னால் போகும். விழாமல் இருக்க நெஞ்சு முன்னால் கவிழும், அந்தச் சுமை முதுகில் ஏறும். தொடை எலும்பு நீளமாக உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். நம் பாட்டிமார் குந்தி உட்கார்ந்து மீன் ஆயும்போது முட்டி எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

முட்டி கொஞ்சம் முன்னால் வரட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது குதிகாலைத்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்காது. காலுறை வேண்டாம், வெறுங்காலே நல்லது. தோள் அகலத்துக்குக் காலை வைத்து, விரல்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பி, மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொப்பென்று உட்காராமல், நாற்காலியைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாவது விரல் பார்க்கும் திசையிலேயே போகட்டும்.

குதிகால் தூக்குகிறதா என்பது நமக்கே தெரியாது. ஒரு துண்டுப் பேப்பரைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, நீங்கள் கீழே இருக்கும்போது வீட்டில் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். சுலபமாக வந்துவிட்டால் குதிகால் எழும்புகிறது. என் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவருக்கு அப்படித்தான் வந்தது, கணுக்கால் இறுக்கம். நாற்காலியில் தடித்த மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டினோம், பேப்பர் அசையவில்லை. பிறகு வாரா வாரம் மெத்தையைக் கொஞ்சம் மெல்லிசாக்கினோம். அவசரப்படவில்லை.

எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு. அந்தப் பதிவில் புஷ்-அப் ஸ்லைடும் இருந்தால், தரையில் வேண்டாம், சமையலறை மேடையில் கையூன்றி ஆரம்பியுங்கள்.

மறுநாள் தொடை வலித்தால் சரி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் முட்டிக்குள் சுருக்கென்று குத்தினாலோ, வீங்கினாலோ, முதுகு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். நாற்காலியை வைத்துச் செய்தும் இரண்டு வாரத்தில் முதுகுப் பிடிப்பு குறையாவிட்டாலும் அங்கே போய்க் காட்டிவிடுங்கள்.